அன்னபூரணத்தம்மாவின் கல்வெட்டும் சரோஜினிதேவியின் பயோடேற்றாவும்

வேலணை வங்களாவடிச் சந்தியில் எனக்கு இரண்டு தொழில். உயிரோடு இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் ரைப் அடிப்பேன். இறந்தவர்களுக்குத் தமிழில் கல்வெட்டுப் பாடுவேன். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். பொய் இரண்டிலும் உண்டு. விண்ணப்பத்தில் மட்டும் கொஞ்சம் அளவாகப் போடுவேன். அதை யாராவது சரிபார்த்துவிடுவார்கள்.

எண்பதாம் ஆண்டு பங்குனி மாதம் சரோஜினிதேவி வந்து என் எதிரே கதிரையில் இருந்தாள்.

"தம்பிஐயா அண்ணை, குவைத்திலை படுக்கையிலை கிடக்கிற ஒரு கிழவியைப் பாக்க ஆள் வேணுமாம். கொழும்பு ஏஜென்சி பயோடேற்றா கேக்குது. மாசக் கடைசிக்குள்ளை அது போய்ச் சேரோணும்."

பெயர், வயது, படிப்பு எல்லாம் அடித்தேன். பயிற்சி: முதலுதவியும் வீட்டுத் தாதிமையும், மூன்று மாதம், சான்றிதழ் உண்டு. அனுபவம் என்ற இடத்தில் மெசினை நிறுத்தினேன்.

"ஆறு வருஷம், ஒரே நோயாளி. இராசநாயகத்தாரின்ரை தாய் அன்னபூரணத்தம்மா. எழுதுங்கோ" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எழுபத்துநாலு வயது. வலப்பக்கம் வாதம். சலரோகம். சலம் போவது தெரியாது. விழுங்கக் கஷ்டம், நிமிர்த்தி இருத்தி, தடித்த கஞ்சியாகக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கடைசி ஐந்து மாதம் மூக்குக் குழாயால் சாப்பாடு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். முதுகின் அடியில், நாரியில் இருந்த படுக்கைப்புண்ணை ஆற்றினாள். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொன்ன அளவில் இன்சுலின் ஊசி போட்டாள். ஆறு வருஷமும் அவள் குறித்துவைத்த கொப்பிகளில் நேரமும் பக்கமும் இருந்தன: இடம், வலம், மல்லாக்க, இடம், வலம், மல்லாக்க.

"வேலை கொடுத்தவையின்ரை கடிதம்?" என்றேன்.

"கேட்டனான். மருமகள் பர்வதவர்த்தினி அக்கா தரேலாதாம். 'நீர் குசினியிலை சமையலுக்கு நிண்டனீர். மாமியைப் பார்த்தது நான். அச்சிலையே கிடக்கு' எண்டு கல்வெட்டைத் தூக்கிக் காட்டினா."

கைப்பையிலிருந்து அந்தக் கல்வெட்டை எடுத்து வாசித்தாள்.

"ஆறாண்டு கண்ணயரா தருகிருந்து மாமியுடல்
ஆறாத புண்ணாற்றி அமுதூட்டிக் காத்தனளே."

"ஆரண்ணை உதைப் பாடினது?"

நான் ரைப்ரைட்டர் ரிபனில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் குனிந்தேன். அந்தியேட்டிப் பந்தியில் எட்டு உளுந்து வடை சாப்பிட்டவன் நான். வடைக்கு ஒரு அடி என்று பார்த்தால்கூட இன்னும் ஆறு அடி பொய் பாக்கி.

"பிழைதான் சரோ. வேணுமெண்டால் கடிதத்தையும் நானே அடிச்சு..."

"பொய்க் கடிதம் வேண்டாம். ஏஜென்சி அவவின்ரை விலாசத்துக்கு எழுதிக் கேட்டால் அவ இல்லையெண்டு எழுதுவா." அவள் கொப்பிகளை அடுக்கினாள். "எனக்கு வேலை வேணும் அண்ணை. அதோடை அவ ஒருக்காலாவது அழோணும். இதே பயோடேற்றாவை, ஒரு வரி விடாமல், தமிழிலை அவவின்ரை பேரிலை எழுதுங்கோ. கல்வெட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் தியாகலிங்கத்தாரிட்டைக் குடுங்கோ."

தியாகலிங்கத்தார் இராசநாயகத்தின் சித்தப்பா. புங்குடுதீவுக்காரர், பிள்ளை குட்டி இல்லை. மூன்று மாதமாக வாதத்தில் விழுந்து கிடந்தார். பராமரிக்க வந்த மூன்று பேரும் அவருடைய வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள். அவருடைய தென்னங்காணி தனக்குத்தான் என்று இராசநாயகம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

கிழவரைப் பர்வதவர்த்தினியின் தலையில் கட்டும் யோசனை விளங்கியதும் எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். எட்டு வடை சும்மா விடுமா?

கோணிய வாயோடு தியாகலிங்கத்தார் முழுவதையும் கேட்டார். "எங்கடை பர்வதத்துக்கு உவ்வளவும் தெரியுமோ?"

"அச்சிலை இருக்கு ஐயா" என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

நாலாம் நாள் அவரை ஒரு பழைய சோமர்செற் காரில் ஏற்றி வேலணைக்குக் கொண்டுவந்தார்கள். காணியை நினைத்து இராசநாயகத்தால் மறுக்க முடியவில்லை; ஐந்நூறு வீட்டுக்குக் கல்வெட்டுக் கொடுத்த பர்வதவர்த்தினியாலும் முடியவில்லை. வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றதற்குக் கிழவர், "நீர் இருக்க வேறை ஆள் ஏன்?" என்றாராம். இராசநாயகத்துக்குக் காலி நகரத்தில் இருந்த தன் கடையில் திடீரென்று அவசரம் வந்தது, மறுநாளே போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் பர்வதவர்த்தினி என் கடைக்கு வந்தாள். டெற்றோல் மணம் அவளுக்கு முன்னால் வந்தது.

"தம்பிஐயா, சரோ எங்கை?"

"ஏன் அக்கா? ஆறு வருஷம் பழகின கைதானே."

"பகிடி விடாதையும்! மாமாவின்ரை நாரி சிவந்துபோச்சு. என்னாலை பக்கம் மாத்த ஏலாது. ஆள் மலை மாதிரிக் கிடக்கிறார்."

தபாலுக்கு உறை வாங்க வந்திருந்த சரோ அலுமாரிப் பக்கத்திலிருந்து திரும்பினாள்.

"வாறன் அக்கா. முதலிலை கடிதத்தைத் தாங்கோ."

நான் மெசினில் தாள் ஏற்றினேன். திகதிகள், நோய்கள், செய்த வேலைகள் என்று சரோ சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்துத் தமிழிலும் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் பர்வதவர்த்தினியின் கை மேசையைப் பிடித்தது. 'இவர் பொறுப்பேற்றபோதே நோயாளிக்கு நாரியில் உள்ளங்கையளவு படுக்கைப்புண் இருந்தது.'

"அதைப் போடாதையும் சரோ. நான் பார்க்கேல்லை எண்டெல்லோ ஆகும்?"

"அது இல்லாட்டி நான் எதை ஆத்தினனான் அக்கா?"

பர்வதவர்த்தினி கையெழுத்திட்டாள். கண்ணீர் ஒரு சொட்டுத் தாளில் விழப்போனது. சரோ மை உறிஞ்சும் ஒத்துத்தாளைச் சட்டென்று குறுக்கே பிடித்தாள். அவள் காத்திருந்த அழுகைதான். ஆனால் கையெழுத்துக் கரையக்கூடாது.

எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. பர்வதவர்த்தினிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பழிவாங்கப் போகிற ஆட்கள் என்னைக் கூட்டுச் சேர்க்கக்கூடாது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்ட கையோடு சரோ கிழவரிடம் போனாள். நானும் பின்னால் போனேன். சிவந்த இடத்தை விரலால் அமத்திப் பார்த்தாள். "வெள்ளையாகுது. இன்னும் உடையேல்லை." தூரப் பக்கத்துக் கையை மார்பில் மடித்து, முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தன் பக்கம் இழுத்தாள். மலை மெத்தென்று சாய்ந்தது. முதுகுக்கு ஒரு தலையணை. குதிக்கால் மெத்தையில் படாமல் காலுக்குக் கீழ் இன்னொன்று.

"இப்ப நீங்கள்" என்றாள். பர்வதவர்த்தினி செய்தாள். பிழையாய்ப் போனது. மறுபடி செய்தாள். ஐந்தாம் முறைதான் சரிவந்தது. கிழவர் நாலு முறையும் வாய் நிறையத் திட்டினார்.

"நாளைக்கும் வருவீரோ சரோ?" என்று பர்வதவர்த்தினி கேட்டாள்.

சரோ ஒரு புதுக்கொப்பியை விரித்து, நேரத்தையும் 'இடம்' என்பதையும் எழுதி, பேனாவைப் பர்வதவர்த்தினியின் கையில் வைத்தாள்.

"நான் வரமாட்டன். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராவும் பகலும். ஆறு வருஷம் போதும் அக்கா, பழகிப்போகும்."

படியிறங்கிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவணியில் குவைத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது: 'கிழவி பாரம் குறைவு. சுகம்.'

அன்று அதைக் காட்டப் போன என்னைக் கட்டிலிலிருந்து தியாகலிங்கத்தார் கூப்பிட்டார்.

"தம்பிஐயா, நான் செத்தால் கல்வெட்டு நீர்தான் பாடோணும்."

"ஓம் ஐயா" என்றேன். "ஆனால் இந்தமுறை அக்காவின்ரை கொப்பியைப் பார்த்துத்தான் பாடுவன்."

பர்வதவர்த்தினி சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள்.