விளிம்பு தாண்டிய அணில்

"விரல் ஸ்லோவா இருந்தா அணில் விழட்டும் லா. விழுந்து விழுந்து கத்துக்குவாங்க."

இதைச் சொல்லிவிட்டுப் பிரேம் நாற்காலியில் சாய்ந்துகொண்டான், உலகத்துக்கு ஏதோ அருளிவிட்டவன்போல. கணவனின் அந்தச் சாய்வைப் பார்த்தாலே தாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாலான் புசாரில் ஆணி விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே இருவரும் இரண்டு வருடமாகச் செய்த விளையாட்டில் ஓர் அணில் கூரைக்குக் கூரை தாவிப் போகும். கைப்பேசிக்கானது. பிரேமோ கணினி விசைப்பலகையில்தான் விளையாடிப் பார்ப்பான். கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, தொட்டது அணிலைப் போய்ச் சேரவும் சற்றுத் தாமதமாகும் என்பதெல்லாம் அந்த மேதைக்கு அற்ப விஷயம்.

தாரணி கேட்டது இரண்டே சலுகை. விளிம்பைத் தாண்டிவிட்டாலும் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தொட்டால் அணில் குதிக்க வேண்டும். அது கொயோட்டி டைம். தரையில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே தொட்டுவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து கால் பட்டதும் குதிக்க வேண்டும். அது இன்புட் பஃபர்.

"கொயோட்டிய நான் போன மாசமே போட்டுப் பாத்தாச்சு," என்றான் பிரேம். " டக்குடக்குன்னு ரெண்டு தட்டு தட்டினா காத்துலயே இன்னொரு தடவ குதிக்குது. அணிலா, ஹெலிகாப்டரா?"

மூன்று மணிக்கு வெளியீட்டு நிறுவனத்திலிருந்து ஃபர்சானா வந்தாள். அவள் சரியென்றால்தான் விளையாட்டு வெளியே போகும். பிரேம் தன் பதிப்பு இருந்த கைப்பேசியைக் கொடுத்தான். முதல் இடைவெளியிலேயே அணில் விழுந்தது. ஐந்து முறை.

"தொட்டேனே, குதிக்கல."

"லேட்டா தொட்டீங்க," என்றான் பிரேம்.

"ஓ, தப்பு என்னோடதா?" அவள் கைப்பையை எடுத்தாள்.

தாரணி தன் பதிப்பு இருந்த கைப்பேசியை நீட்டினாள். "போறதுக்கு முன்னால இத ஒருவாட்டி பாருங்க."

நின்றபடியே தொடங்கிய ஃபர்சானா, இரண்டாம் கூரையில் உட்கார்ந்தாள். நான்காம் கூரையில் சிரித்தாள். "இது வேற கேமா?"

"அதே கேம், அதே கூரைங்க."

பிரேம் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "இப்ப பறக்கும் பாருங்க." டக்குடக்கென்று தட்டினான். அணில் ஒரே முறை குதித்தது. மறுபடி தட்டினான், வெறியோடு. அது பறக்கவேயில்லை.

"என்ன பண்ணுன?"

"குதிச்ச உடனே கொயோட்டி டைமர சைபராக்கிட்டேன். நீ அந்த ஒரு வரிய விட்டுட்ட. மிச்சமிருந்த நேரத்துலதான் ரெண்டாவது தடவ குதிச்சிருக்கு."

ஒரு மாதம் அவன் கேலி செய்தது தன் மறதியைத்தான் என்று தெரிந்தும், அவன் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. ஃபர்சானா பக்கம் திரும்பினான்.

"நாங்க இந்த ஐடியாவ ரொம்ப நாளா டெவலப் பண்ணிட்டிருக்கோம்."

தாரணி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. "எந்த ஈமெயிலுக்கு அனுப்பணும்?" என்று ஃபர்சானாவிடம் கேட்டு, தன் பதிப்பை அனுப்பினாள். அதில், மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது.