கிண்ணத்தில் இருந்த பழங்கள்

அவளுக்கு அந்தக் குழுவில் பெயரே ‘செடியக்கா’தான். பல்கலைக்கழகத்தில் காய வைத்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி அடுக்கி வைக்கும் காப்பகத்தில் வேலை. பதினெட்டு வருஷமாக அதே மேசை, அதே பசை நாற்றம். கைப்பேசியில் எண்ணூறு பேர் உள்ள குழுவில் யார் எந்தச் செடியின் படத்தைப் போட்டாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும். கூலியில்லாத வேலை. ஆனால் அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. யாராவது முந்திக்கொண்டு தப்பாகப் பதில் சொல்லிவிட்டால் அன்று முழுக்க மூக்குக்கு மேல் கோபம் நிற்கும்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஒரு நாள் தனியாக அவளுக்குச் செய்தி அனுப்பினார்.

“தங்கச்சி, வீட்டுக்காரிக்குப் புற்றுநோய் மருந்து ஏத்துறாங்க. வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சாக்கூட அழறா. மணத்தக்காளிக் கீரை கெடைச்சா நல்லா இருக்கும்னு கேக்கறா. ஆத்தோரம் ஒரு செடி பாத்தேன். இதுவா பாருங்க.”

நாலு படம் வந்தன. இலை, தண்டு, பூ, பச்சைக் காய்க் கொத்து. அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பூ, பின்னால் மடங்கிய ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மூக்கு. ஒரே காம்பிலிருந்து ஐந்தாறு காய்கள் குடை விரித்தது போலத் தொங்கின. சந்தேகமே இல்லை.

“மணத்தக்காளியேதான் அண்ணா. இளம் இலையா பறிச்சு நல்லா வேக வச்சு, வேகவச்ச தண்ணிய கொட்டிருங்க. பச்சைக் காயைத் தொடாதீங்க, அதுல நஞ்சு இருக்கு. பழம் நல்லா கறுத்தாதான் சாப்பிடணும். மருந்து ஏத்தற டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

டாக்டரிடம் கேட்டாராம். வேக வைத்தது என்றால் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு நாலு வாரம் ஓட்டுநரிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. “இன்னிக்கி ரெண்டு கவளம் இறங்குச்சு.” “இன்னிக்கி திட்டுனா. திட்டற அளவுக்குத் தெம்பு வந்துருச்சு!” கீரையால் புண் ஆறியதோ, தானாக ஆறியதோ, அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று தெரிந்தது. அவரை அவள் ஒரு தரம்கூட நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தச் செய்தி வராத நாளில் ஏதோ குறைந்தது போலிருக்கும்.

கோடை முடியும் சமயம். புதன்கிழமை முற்பகல், மேலதிகாரி ஐந்நூறு தாள்களைச் சரிபார்த்து முடிக்கச் சொல்லியிருந்தார். இரண்டு கையிலும் பசை. கைப்பேசி மினுங்கியது. ஓட்டுநர்தான்.

ஒரே படம். பூப்போட்ட பீங்கான் கிண்ணம் நிறையப் பளபளவென்று கறுத்த பழங்கள், மேலிருந்து எடுத்தது. இலை இல்லை, காம்பு இல்லை. கீழே, “பழுத்துருச்சு தங்கச்சி! இந்தத் தடவை நல்லா கொழுகொழுன்னு இருக்கு. குடுக்கலாமா?”

அவள் கண்ணுக்கு அது சின்னக் கிண்ணமாகத் தெரிந்தது. சின்னக் கிண்ணம் என்றால் பட்டாணி அளவுப் பழம். அதே ஆள், அதே ஆற்றோரம், அதே செடி. கேள்வியை அவள் படிக்கக்கூட இல்லை. முதல் வரியை மட்டும் பார்த்தாள். பசை படாத சுண்டு விரலால் திரையைத் தொட்டு, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு, மறுபடி தாளுக்குக் குனிந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பகத்துத் தொலைபேசி ஒலித்தது. நச்சு முறிவு உதவி மையத்திலிருந்து வருஷத்துக்கு மூன்று நாலு தடவை இப்படி அழைப்பு வரும். குழந்தை எதையோ மென்றுவிட்டது, நாய் எதையோ தின்றுவிட்டது, என்ன செடி என்று சொல்லுங்கள் என்பார்கள். இந்தத் தடவை அவர்கள் இணைத்துக் கொடுத்தது அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டரை.

“ஆம்பளை, அறுபத்திமூணு வயசு. ஏதோ காட்டுப் பழம் சாப்பிட்டிருக்கார். கண்ணு பாப்பா முழுசா விரிஞ்சிருக்கு, உடம்பு நெருப்பா கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. வாய் காஞ்சு நாக்கு ஒட்டிக்குது. நாடி நூத்தம்பதுக்கு மேல. சிறுநீர் கட்டியிருக்கு. யாரையும் அடையாளம் தெரியல அவருக்கு. படுக்கையில உக்காந்துக்கிட்டு காத்துல ஸ்டீயரிங் திருப்பிட்டு இருக்கார். அடுத்த நிறுத்தம், எறங்கறவங்க வாங்கன்னு கத்தறார். மீதிப் பழத்தைப் பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுவந்தாங்க. படம் அனுப்பறேன்.”

ஸ்டீயரிங் என்ற சொல்லிலேயே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. படம் வந்தது. அதே பூப்போட்ட கிண்ணம்.

“டாக்டர்... இதே படம் காலையில எனக்கு வந்துச்சு. நான்தான் சரின்னு...”

“அதை அப்புறம் பேசலாம். இப்ப இது என்னன்னு எனக்கு உறுதியா சொல்லணும். சொல்ல முடியுமா?”

“முடியும். ஒரு பழத்துக்குப் பக்கத்துல நாணயம் ஒண்ணு வச்சு எடுங்க. காம்போட ஏதாவது இருக்கா பாருங்க.”

இரண்டு நிமிஷத்தில் வந்தன. நாணயத்துக்குப் பக்கத்தில் பழம் ஏறக்குறைய அதன் அகலத்துக்கே இருந்தது. பட்டாணி இல்லை, செர்ரிப் பழ அளவு. அந்தக் கிண்ணம் சின்னக் கிண்ணமே இல்லை, மாவு பிசைகிற பாத்திரம். அடியில் கிடந்த ஒரு பழத்தில் மட்டும் காம்பு ஒட்டியிருந்தது. கொத்தாக இல்லாமல் தனிப் பழம். அதன் அடியில் பச்சை இதழ் ஐந்து முனையாக, நட்சத்திரம் போல, பழத்தையும் தாண்டி விரிந்திருந்தது. மணத்தக்காளியின் இதழ் ஒரு குட்டித் தொப்பி போலச் சின்னதாக இருக்கும். இதை முதல் வருஷ மாணவர்களுக்கு அவளே காட்டியிருக்கிறாள்.

“பெல்லடோனா,” என்றாள். “சந்தேகம் இல்ல. மணத்தக்காளி குடும்பம்தான், ஆனா வேற செடி, பழுத்தாலும் கொடிய நஞ்சு. எத்தனை சாப்பிட்டாருன்னு தெரியுமா?”

“பன்னெண்டு, பதினஞ்சு இருக்கும்னு அவர் மனைவி சொல்றாங்க. நாங்களும் அந்த வகை விஷம்தான்னு நெனச்சு வைத்தியம் ஆரம்பிச்சுட்டோம். இதயத்துல ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கார். அதான் பயமா இருக்கு.”

“அவங்க? அவர் மனைவி சாப்பிட்டாங்களா?”

“இல்ல. ஒண்ணுகூட இல்ல.”

நஞ்சு முறிவு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மனைவியை அடையாளம் கண்டு, “ஏன் இங்க வந்த, உனக்குத் தொத்து வந்துரும், வீட்டுக்குப் போ” என்று அதட்டினாராம். அவர் பிழைத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் மதியம், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாறுமாறாக ஓடிய இதயம் நின்றுபோனது.

அவள் காப்பகத்தில் எழுத்துமூலமாக நடந்ததைச் சொன்னாள். குழுவில் எண்ணூறு பேருக்கும் சொன்னாள். படத்தையும் தன் பதிலையும் மறைக்காமல் போட்டாள். “உங்க தப்பு இல்லக்கா” என்று நூறு பேர் எழுதினார்கள். “கொலைகாரி” என்று ஒருவர் எழுதினார். அந்த ஒரு சொல்தான் அவளுக்குக் கொஞ்சம் நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை ஆற்றங்கரைக்குப் போனாள். அவர் முதலில் படமெடுத்த மணத்தக்காளி அங்கேயே இருந்தது. கீழ்க்கிளைகள் மொட்டையாக, யாரோ ஒருவர் நாலு வாரமாக நோகாமல் கிள்ளியெடுத்த தடத்தோடு. கொத்தில் பழம் ஒன்றுகூட இல்லை, பறவைகள் கொத்தித் தீர்த்திருந்தன. மேட்டில் ஏறி மரங்களுக்குள் இருபது அடி நடந்தால், மரமில்லாத ஒரு திட்டில் இடுப்புயரத்துக்குப் பெல்லடோனா நின்றது. அகல இலை, மங்கிய ஊதா நிறத்தில் இன்னும் ஒன்றிரண்டு மணிப்பூக்கள். பழம் கிடைக்கவில்லையே என்று தேடிக்கொண்டு மேடேறிய மனுஷனுக்கு அது எப்படி மின்னியிருக்கும்! அவள் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்மணிக்குத் தலையில் முடியில்லை, துணி சுற்றியிருந்தாள்.

“அண்ணி, நான்...”

“தெரியும். டாக்டரம்மா சொன்னாங்க. உள்ள வா.”

சமையலறை மேசையில் மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. அந்தம்மாள் மெதுவாக உட்கார்ந்தாள். அழவில்லை. வாய்ப்புண் இன்னும் முழுதாக ஆறவில்லை போலும், சொற்களை மெல்ல மெல்ல எடுத்து வைத்தாள்.

“எனக்கு எது குடுத்தாலும் முன்னாடி அவர் வாயில போட்டுப் பாப்பார். ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணியக்கூட ஒரு சொட்டு நக்கிப் பாத்துட்டு, கசக்குதுடி, மூக்க பிடிச்சுக்கோன்னு சொல்லுவார். அன்னிக்கும் அதான். இனிப்பா இருக்கு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னார். நீ ரெண்டு மணி நேரம் பொறு, எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா உனக்கு நசுக்கித் தரேன்னார்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சாகப் போறவ நான்தான். எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருந்தோம். என் புடவையெல்லாம் யாருக்குன்னு எழுதிக்கூட வச்சாச்சு. அவர் முந்திக்கிட்டார்.”

“என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்க வரலண்ணி. கேக்க எனக்கு வாயில்ல.”

“கேக்காத. என்கிட்ட இப்ப அது இல்ல.” அந்தம்மாள் மேசையிலிருந்த அவருடைய கைப்பேசியை நகர்த்தினாள். “உனக்கு அவர் எழுதினதை எல்லாம் வாசி. எனக்குக் காட்டினதே இல்ல. கண்ணு மங்குது, படிக்க முடியல.”

அவள் முதலிலிருந்து வாசித்தாள். இறங்கிய கவளங்களை, திட்டிய நாளை, மழையில் நனைந்து கீரை பறித்ததை. “இவ சிரிச்சா தங்கச்சி, மூணு மாசத்துக்கு அப்புறம்” என்ற இடத்தில் அந்தம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிச் செய்தி வந்தது. அவள் நிறுத்தினாள்.

“ம். அதையும்.”

குடுக்கலாமா என்ற கேள்வியை வாசித்தாள். அதற்குக் கீழே தன் பதிலையும் சொன்னாள். அந்தம்மாள் மேசையைப் பிடித்து எழுந்தாள்.

“வியாழக்கிழமை எனக்கு ஊசி. கூட்டிட்டுப் போக ஆளில்ல. வர முடியுமா? அன்பால கேக்கறேன்னு நெனச்சுக்காத.”

“வரேன் அண்ணி.”

அந்த வியாழனிலிருந்து பனிக்காலம் முடியும் வரை அவள் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் அந்தம்மாளை உட்கார வைப்பாள். அந்தப் பஸ் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும் விதத்தைக் கேட்டு, “இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியல” என்று அந்தம்மாள் முனகுவாள். ஒரு வியாழன், திரும்பி வரும்போது, தூக்கத்தில் அந்தம்மாளின் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. அவள் அசையாமல் இருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது. அவள் எழுப்பவில்லை.