சனிக்கிழமை என்றே நின்ற மெயில்

சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கும் பீமாராவ் போன் செய்தபோது, இந்துப்ரியா டீச்சருக்கு ஆறு பீரியட் முடிந்து தொண்டை கட்டியிருந்தது.

"சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டேக்குக் கடையை அடைச்சிட்டு வாரேன் டீச்சர். எம் பொண்ணு பவதாரிணி ஓடுறாள்ல."

"வெள்ளிக்கிழமைக்கு மாத்தியாச்சு சார். நேத்தே மெயில் போட்டேனே."

"பாத்தேன். மேலயே சனிக்கிழமைன்னுதான இருந்துச்சு. உள்ள போய்ப் படிக்க எங்க டீச்சர் நேரம்?"

கம்ப்யூட்டர் அறைக்குப் போய், அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தாள். பழைய மெயிலுக்கே ரிப்ளை அழுத்தி அனுப்பியிருக்கிறாள். தலைப்பில் பழைய தேதி அப்படியே நின்றது. மாற்றமோ, பிரின்சிபால் சேர்க்கச் சொன்ன வணக்கத்துக்கும் நன்றிக்கும் கீழே, நாலாவது பத்தியில் கிடந்தது.

எரிச்சலோடு அதை மூடிவிட்டுப் புது மெயில் எழுதினாள். தலைப்பு: 'தேதி மாற்றம்: ஸ்போர்ட்ஸ் டே, வெள்ளி, பிப்ரவரி 13, காலை 9'. உள்ளே ஒரே வரி: 'சனிக்கிழமை விழா இல்லை, பள்ளி மைதானத்துக்கு வெள்ளிக்கிழமை வாருங்கள்.'

அனுப்பிவிட்டுப் பையை எடுக்கும்போது பீமாராவ் மறுபடி கூப்பிட்டார்.

"இப்பத் தெளிவா இருக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை எனக்குச் சரக்கு வந்து இறங்கும். வர முடியாது." போனை வைக்கும் முன் சொன்னார்: "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க."