தருலதா எண்ணிய யூனிட்டுகள்

வடோதராவில் காரேலிபாக் பக்கம் காக்ரா என்ற மொறுமொறு ரொட்டி போட்டு விற்கிற தருலதாவுக்குக் கணக்கில் ஏமாந்தோம் என்ற பேச்சே கிடையாது. எத்தனை கிலோ மாவுக்கு எத்தனை பாக்கெட் வரும் என்பது அவளுக்கு அத்துபடி. ஒரு பாக்கெட் குறைந்தாலும் வேலைக்கு வரும் பெண்களில் யார் வீட்டுக்குப் போனது என்று மாலைக்குள் சொல்லிவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கணவன் கிரீட் வீட்டுக் கணக்கு முழுவதையும் அவளிடம் விட்டுவிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒதுங்கி இருந்தான்.

மியூச்சுவல் ஃபண்ட் மட்டும் அவள் கைக்குள் வராமல் இருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவர் பிபின்குமார். கிரீட்டின் தங்கை ஸ்மிதாவின் கணவர்; தருலதாவை ‘பாபி’, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஃபண்ட் சேர்த்துவிடும் ஏஜென்ட். “மாசம் அஞ்சாயிரம் பாபி, பேங்க்லேர்ந்து தானா போயிடும், நீங்க மறந்துடுங்க” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். சொன்னபடி அவளும் மறந்தாள். இரண்டு வருஷம் ஆயிற்று.

ஜனவரி முதல் வாரத்தில், மாடி வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ அச்செடுக்கப் போனபோது, தருலதா தன் மெயிலில் வந்து கிடந்த ஸ்டேட்மென்டையும் அச்செடுத்து வரச் சொன்னாள். மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் மாதம்: 121.353 யூனிட். ஒரு யூனிட்டின் விலை 41.20. கடைசி மாதம்: 95.052 யூனிட். விலை 52.60. நடுவில் இருந்த வரிகளில் ஒன்றிரண்டு மாதம் ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் யூனிட் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. கீழே மொத்தம் 2,574.316 யூனிட், இன்றைய மதிப்பு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்து நானூற்று ஒன்பது ரூபாய்.

போட்டது ஒன்றே கால் லட்சத்துக்கும் குறைவு, ஆக லாபம்தான் என்று வேறு யாராவது மடித்து வைத்திருப்பார்கள். தருலதாவின் கண் யூனிட் பத்தியிலேயே நின்றது. அவளுக்கு அது பாக்கெட் கணக்கு. மாதம் தவறாமல் அதே ஐயாயிரம் போகிறது, முதலில் நூற்றிருபத்தொன்று கொடுத்தவன் இப்போது தொண்ணூற்றைந்து கொடுக்கிறான். மிச்சம் எங்கே? இருபத்துநாலு மாதத்தையும் முதல் மாத யூனிட்டால் பெருக்கினாள், வந்திருக்கிற மொத்தத்தைக் கழித்தாள், இன்றைய விலையால் பெருக்கினாள். பதினேழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். போதாக்குறைக்கு ஒவ்வொரு வரியிலும் ஐயாயிரத்துக்குப் பதில் 4,999.75 என்று இருந்தது. கால் ரூபாயைக்கூட விடவில்லையா?

காகிதத்தின் தலையிலேயே ஏஜென்ட் பெயர் அச்சாகியிருந்தது.

“உங்க மாப்பிள்ளை நம்ம யூனிட்டைத் தின்னுக்கிட்டிருக்கார்” என்றாள் கிரீட்டிடம்.

“பிபினா? சும்மா இரு தரு. முதல்ல ஃபோன் போட்டுக் கேளு.”

“கேட்டா ஒத்துப்பாரா?”

கேட்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் பல நாள் தூங்காமல் கிடந்தாள். ஒரு ஃபோன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

உத்தராயணத்தன்று எல்லோரும் அவர்கள் மொட்டை மாடியில்தான் கூடினார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், கிரீட்டின் பழைய அலுவலக நண்பர்கள், ஸ்மிதா, பிபின்குமார். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் பிபின்குமாரிடம் ஃபண்ட் போட்டவர்கள். வானம் முழுக்கப் பட்டம், ஒவ்வொரு மாடியிலும் ஸ்பீக்கர். உந்தியு என்ற காய்கறிக் கூட்டு இருந்த வாளியைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்த தருலதாவிடம் பிபின்குமார் தட்டை நீட்டி, “பாபி, எனக்கு ஒரு கரண்டி கூடப் போடுங்க” என்றார்.

“கூடவா? எங்க வீட்டுல நீங்க எடுத்துக்கிட்டதே போதாதா பிபின்குமார்?”

அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். “நான் என்னத்த எடுத்தேன், ரெண்டு ஜிலேபிதானே?”

“பதினேழாயிரத்து எழுநூறு ரூபா. மாசா மாசம் யூனிட்டு குறைஞ்சிருக்கு. ஐயாயிரத்துக்கு நூத்தியிருபத்தொண்ணு வந்தது இப்ப தொண்ணூத்தஞ்சு. காகிதம் கீழ இருக்கு, கொண்டு வரட்டுமா?”

பக்கத்தில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

“பாபி, அது விலை ஏறினதால...”

“விலை ஏறினா எனக்கு நல்லதுதானே? அப்புறம் எனக்கு ஏன் குறையுது?”

“நாளைக்கு வீட்டுக்கு வாங்க, உக்காந்து காட்டறேன். இங்க சத்தத்துல வேண்டாம்.”

“சத்தத்துல என்ன? நாலு பேர் முன்னாடியே சொல்லுங்களேன்.”

எதிர்வீட்டு ஜஷ்வந்த்பாய் மெதுவாகக் கேட்டார்: “பிபின்பாய், எங்க பணத்துலேர்ந்து உங்களுக்குக் கமிஷன் வருதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

பிபின்குமார் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம்; சொல்லவில்லை. “வருது. ஃபண்ட் கம்பெனி தருது. அதோட செலவுக் கணக்குலேர்ந்து வரும், விலையிலேயே அது கழிஞ்சிருக்கும். உங்க யூனிட்டுல கை வைக்க எனக்கு வழியே கிடையாது. இதை முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்” என்றார்.

‘வருது’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது; மற்றதை யாரும் காதில் வாங்கவில்லை. ஸ்மிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். பிபின்குமார் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவள் பின்னால் போனார். உந்தியுவை அவர் தொடவே இல்லை.

பிப்ரவரியில் தருலதா புகார் கொடுக்கக் கிளம்பினாள். அல்காபுரியில் ஃபண்டுக்காரர்களின் சேவை அலுவலகம். கூட்டம் நிறைந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டி, அக்கா என்கிற மாதிரி ‘பென்’ போட்டுப் பேசினார்.

“எந்தத் தேதி வரி தப்புன்னு எழுதுங்க பென். யூனிட்டு தப்பா, விலை தப்பா, தொகை தப்பா, அதையும் எழுதணும். சும்மா ‘ஏமாத்திட்டாங்க’ன்னு எழுதினா மேல போகாது.”

“எல்லாமே தப்பு.”

“அப்ப எல்லா வரியையும் எழுதுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் கணக்குப் போடத் தொடங்கினாள். முதல் வரி. 121.353ஐ 41.20ஆல் பெருக்கினாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபத்துநாலு காசு வந்தது; தசமத்தில் விட்ட ஒரு பைசாதான் குறைவு. சரி, இது சரியான மாதம், திருட்டு பின்னால்தானே ஆரம்பித்தது என்று கடைசி வரிக்குப் போனாள். 95.052 பெருக்கல் 52.60. அதே தொகை, பைசா பிசகாமல். நடு வரிகளில் ஒன்று. அதுவும். ஒரு வரியாவது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் மனது வேண்டிக்கொண்டது.

விலைதான் பொய்யோ? எழுந்து போய் அந்தந்தத் தேதி விலையைக் கேட்டாள். கவுண்டர்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஊருக்கெல்லாம் ஒரே விலை, தினமும் வெளியிடுவது. எல்லாம் ஒத்துப்போயிற்று.

“இந்தக் கால் ரூபா?”

“முத்திரை வரி பென். கீழயே தனி வரியில போட்டிருக்கு பாருங்க. அரசாங்கத்துக்குப் போறது.”

“அப்ப ஏன் யூனிட்டு குறையுது?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“விலை ஏறிடுச்சு. அதே காசுக்கு ஏறின விலையில வாங்கினா குறைச்சலாத்தானே வரும். முன்னாடி சல்லிசா வாங்கினதும் சேர்ந்து ஏறியிருக்குல்ல, அதான் உங்க லாபம். கோதுமை வாங்க மாட்டீங்களா?”

கோதுமை வாங்குகிறவள்தான். விலை ஏறிய மாதம் மூட்டை குறையும் என்று அவளுக்குத் தெரியாதா? பாக்கெட்டை எண்ணிய அவசரத்தில் கொள்முதல் விலையை மறந்திருந்தாள். புகார்த் தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நேரே ஸ்மிதா வீட்டுக்குத்தான் ஆட்டோ பிடித்தாள். ஸ்மிதா கதவைத் திறந்து, “வாங்க பாபி” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை.

“ஸ்மிதாபென், தப்பு என்னோடதுதான். கணக்குச் சரியா இருக்கு. நான்தான் படிக்கத் தெரியாம படிச்சிருக்கேன். பிபின்குமார் எங்க?”

“மோர்பியில. சித்தப்பா பையன் டைல்ஸ் ஃபேக்டரியில கணக்கு எழுதறார்.”

“ஏன்?”

“ஏன்னு நீங்க கேக்கறீங்களா பாபி? உங்க மாடியில இருந்தவங்க எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிறுத்திட்டாங்க. ஜஷ்வந்த்பாய் பெண் கல்யாணத்துக்குன்னு போட்டதைக்கூட உடைச்சுட்டார். புது ஆள் யாரு வருவாங்க? மூணு வாரம் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வெறுமன சுத்திட்டு வந்தார். அப்புறம் பஸ் ஏறிட்டார்.”

அங்கிருந்தே ஸ்மிதாவின் ஃபோனில் பேசினாள். மன்னிப்புக் கேட்டாள். மறுமுனையில் மெஷின் சத்தம்.

“பரவாயில்ல பாபி, விடுங்க. கிரீட்பாய்க்கு முட்டிவலி எப்படி இருக்கு?” என்றார் பிபின்குமார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த நாள் தொடங்கி வீடு வீடாகப் போனாள். ஸ்டேட்மென்டையும் கையோடு கொண்டுபோய் வரிவரியாகப் பெருக்கிக் காட்டினாள். ஜஷ்வந்த்பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது, நல்லது. சொந்தக்காரங்க சமாதானம் ஆயிட்டீங்க, சந்தோஷம்” என்றார்.

“சமாதானம் இல்ல ஜஷ்வந்த்பாய். அவர் மேல தப்பே இல்லைங்கறேன்.”

“அதான் பென், நானும் அதைத்தான் சொல்றேன். டீ சாப்பிடறீங்களா?”

அன்று மாடியில் ஒரு வார்த்தையில் நம்பியவர்கள் இன்று கணக்கை முன்னால் வைத்தும் நம்பவில்லை. கேலி செய்யவில்லை, மறுத்துப் பேசவில்லை. தலையாட்டினார்கள். ஒருத்தரும் ஃபண்டுக்குத் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போனபோது, அவளுக்கு அறிமுகமே இல்லாத ஒருத்தி, “யூனிட்டுல அடிச்சானே அந்த ஏஜென்டா?” என்று கேட்டாள். கதை அவளை முந்திக்கொண்டு போயிருந்தது.

தீபாவளி முடிந்த மறுநாள், குஜராத்திப் புதுவருஷத்தன்று பிபின்குமார் ஊருக்கு வந்தார். பெரியவர்கள் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்வது முறை. முறைக்கு வந்தார். இளைத்திருந்தார். கிரீட்டின் காலைத் தொட்டார், “சால் முபாரக் பாபி” என்று அவளிடம் கைகூப்பினார். மடியா, கூக்ரா பலகாரங்கள் வைத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

தருலதா எழுந்தாள். உள்ளே போய் அந்த மாத ஸ்டேட்மென்டை எடுத்து வந்தாள். அவள் தன் ஐயாயிரத்தை நிறுத்தவே இல்லை. ஏஜென்ட் பெயரையும் மாற்றவில்லை.

“இந்த மாசம் விலை இறங்கியிருக்கு பிபின்குமார். யூனிட்டு கூட வந்திருக்கு. நான் பார்த்தது சரியா, ஒரு தடவை சொல்லுங்களேன்.”

அவர் காகிதத்துக்குக் கை நீட்டவில்லை. கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

“அல்காபுரி ஆஃபீஸ்ல கேளுங்க பாபி, அவங்க சரியா சொல்வாங்க. நான் அந்தத் தொழில்ல இப்ப இல்ல. லைசென்ஸையும் புதுப்பிக்கல.”

கிரீட் தொண்டையைச் செருமினான். தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பிபின்குமார் டீயை முடித்துக் கோப்பையைத் தானே கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்தார். இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார்.

தருலதா வாசல்வரை போனாள். காகிதம் கையிலேயே இருந்தது. அவர் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் பக்கம் பார்க்காமல், நடந்தே போனார்.