யமுனாவின் கட்டங்கள்

போட்டோவிலுள்ள அட்டவணையை வேர்டில் கொண்டுவருவது ஐந்து நிமிட வேலை என்று வாய்ச்சவடால் விட்டவள் நான்தான். அரியமங்கலத்தில் ‘பானுப்ரியா டைப்பிங் சென்டர்’ வைத்துப் பத்து வருடமாகிறது. அந்தத் திமிர்.

லேத் பட்டறை நல்லதம்பி செல்போனை நீட்டினார். சுவரில் ஒட்டிய சார்ட் ஒன்றைச் சாய்வாக எடுத்த போட்டோ. அவர் மனைவி பிரேமலதா கையால் கோடு போட்டது: நேரம், வேலை, யாரோடு என்று மூன்று பத்திகள். அவர்களின் ஒன்பது வயது மகள் யமுனாவுக்குப் பேச்சு வராது. பல் விளக்கவும் சாப்பிடவும் அந்தக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்துத்தான் கிளம்புவாள். பிரேமலதாவின் காரியத்துக்கு வீடு கழுவிய உறவுக்காரர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். குழந்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“வேர்டுல வேணும்ங்க. ‘அம்மா’ன்னு இருக்குற எடத்துலல்லாம் ‘அப்பா’ன்னு மாத்தணும்.”

போட்டோவை அட்டவணையாக்கும் மென்பொருளில் போட்டேன். மூன்று பத்தியும் ஒரே அகலம், எல்லாக் கோடும் ஒரே தடிமன். பார்க்க லட்சணமாக இருந்ததால் அப்படியே அச்சடித்துக் கொடுத்தேன். மறுநாள் கசங்கிய தாளோடு வந்தார்.

“யமுனா தூக்கி எறிஞ்சுட்டா. இது அவளோடது இல்லைங்குற மாதிரி.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லதம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். சுவரில் மிச்சமிருந்த டேப் தடத்தை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்திருந்தார். இருபத்து நாலு சென்டிமீட்டர்.

போட்டோவின் சாய்வை நிமிர்த்தி, தாளைக் குறுக்காகத் திருப்பி அந்த அகலத்துக்குக் கொண்டுவந்து, வேர்டில் பின்னணியாக வைத்தேன். அதன் மேலேயே அட்டவணை போட்டு ஒவ்வொரு பத்தியாகப் பொருத்தினேன்: நாலு, எட்டு, பன்னிரண்டு. வரிசை உயரத்தையும் அப்படியே பூட்டினேன். ‘யாரோடு’ என்ற கடைசிப் பத்திக்கு மட்டும், பிரேமலதா போட்டது போலவே தடித்த கோடு. எழுத்தையும் இருந்தபடியே அடித்தேன். எழுத்துக்குத் தக்கபடி பத்தி தானாக நீள்வதையும் சுருங்குவதையும் நிறுத்தினேன். பின்னால் இருந்த போட்டோவை எடுத்துவிட்டு, ‘அம்மா’வை ஒவ்வொன்றாக அழித்தேன். கட்டம் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. நல்லதம்பி திரையைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்பா’ என்று அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது.

“யமுனா சாப்ட்டுட்டா. பல்லும் வெளக்கிட்டா.”

“அப்பாடா!” என்று கத்தியே விட்டேன்.



“ஆனா அவளுக்கு எழுத்து தெரியாதுங்க. கட்டம்தான் தெரியும். அந்தப் பெரிய கட்டத்துல கைய வச்சுட்டு, அவங்கம்மா வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா.”

இத்தனை கச்சிதமாகச் செய்திருக்க வேண்டாமோ என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“அந்தக் கடைசிப் பத்திய மட்டும் கொஞ்சம் மாத்தித் தரட்டுங்களா?”

“வேணாங்க,” என்றார். “அப்புறம் சாப்பிட மாட்டா.”