இதை யார் படிப்பாங்க?

நீச்சல் குளத்துக்குக் கண்ணாடிக் கூரை. மத்தியான வெயில் அதன் வழியாக இறங்கித் தண்ணீரில் கரையும், பிறகு அலையலையாகச் சுவரில் ஏறி ஆடும். எது சுவர், எது தண்ணீர் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சில நேரம் குழம்பிப் போகும். நீச்சல் டீச்சருக்கு அந்தக் குழப்பம் பிடிக்கும். நடந்துகொண்டே மிதப்பதுபோல இருக்கும்.

அந்த வாரம் மட்டும் கால் தரையில்தான் இருந்தது. தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மேனேஜர் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார், ஒரு கொக்கியோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நாலஞ்சு பேராவது பேர் குடுக்கணும்மா. இல்லேன்னா அந்த நேரத்தை ரேஸ் பசங்களுக்குக் குடுத்துடுவேன். ஆளில்லாத குளத்துல நான் யாருக்குத் தண்ணியச் சூடு பண்றது?"

வாசல் பலகையில் வகுப்பு விவரத்தை ஒட்டி, அதற்குக் கீழே டீச்சரைப் பற்றிய அறிமுகக் குறிப்பையும் ஒட்டினார்கள். அவளே உட்கார்ந்து எழுதியது. வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெள்ளி, தொடர் நீச்சலில் இரண்டு முறை தங்கம், வேகப் பயிற்சியில் சான்றிதழ்.

ஒரு பெண்மணி அதை விரல் வைத்துப் படித்ததை டீச்சர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். படித்து முடித்ததும் அந்த அம்மாள் குளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வந்த வழியே போய்விட்டார். அதன்பிறகு புதன்கிழமை வரை, கிணற்றில் போட்ட கல்தான்.

டீச்சர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணிக்கு ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. பல் டாக்டர், வக்கீல், கல்யாணப் போட்டோக்காரர் என்று யாருக்கு அறிமுகம் வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுப்பது அவர்தான். கேலி செய்வார் என்று பயந்துதான் டீச்சர் தன் குறிப்பை அவரிடம் காட்டவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் நான் எழுதறேன். வீட்ல இருக்கற நாத்தனார் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அண்ணி.

"கொல்லன் தெருவுலயே ஊசி வித்திருக்கா" என்றார் அண்ணன், துணி மடித்தபடி. "என்னைக் கேட்டிருந்தா ஒரே வரியில முடிச்சிருப்பேன். என் தங்கச்சி எல்லாருக்கும் தண்ணி காட்டினவ!"

"நீங்க கொஞ்சம் வாயை மடிச்சு வைங்க" என்று அண்ணி தாளைப் படித்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "மேல 'இவர் பயிற்சி பெற்றவர்'னு இருக்கு. ரெண்டு வரி தள்ளி 'தங்கம் வென்றோம்', 'சாதனை செய்தோம்'. இவர் எங்கடி போனார்? ஓம், ஓம்னு என்ன மந்திரமா ஓதற?"

"தொடர் நீச்சல் அண்ணி. நாலு பேர் சேர்ந்துதானே ஜெயிச்சோம். 'வென்றேன்'னு எழுதினா பொய்யில்ல?"

"பொய்தான். ஆனா அந்த 'ஓம்'க்குள்ள உன் பங்கு எதுன்னு உன்னையே கேட்டுக்கிட்டியா?" அண்ணி பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நான் யாருக்கும் எடுத்த எடுப்புல எழுதமாட்டேன். கேள்விதான் முதல்ல. பதில் எனக்கில்ல, உனக்குச் சொல்லிக்கோ. சத்தமா சொல்லு, அவ்வளவுதான். இதை யார் படிப்பாங்க?"

"குளத்துக்கு வர்றவங்க."

"குளத்துக்கு வர்றவங்களுக்கு எதுக்கு உன் வகுப்பு?"

ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் நீளமாகக் கிடந்தது. டீச்சர் அதிலேயே கண்ணை வைத்திருந்தாள். "வராதவங்க" என்றாள் மெதுவாக. "வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறவங்க."

"படிச்சுட்டு அவங்க என்ன செய்யணும்?"

"பேர் குடுக்கணும்."

"உன் வெள்ளி மெடலைப் பார்த்தா அவங்களுக்குப் பேர் எழுதக் கை வருமா, கால் உதறுமா?"

டீச்சருக்கு அந்தக் கைப்பை அம்மாள் கண்ணுக்குள் வந்தார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்குப் போய், நான் ஆழத்திலேயே வேகமாகப் போவேன் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

"அப்போ மெடலை எல்லாம் எடுத்துடவா?"

"தூக்கிப் போடாதே. வேற இடத்துல வேற ஆள் கேப்பான், அங்க குடு. இங்க ஒண்ணு போதும், நீ விவரம் தெரிஞ்சவன்னு காட்ட. சரி, அந்தத் தொடர் நீச்சல்ல நீ என்ன பண்ணின?"

"முதல்ல நான் நீந்துவேன். முடிச்சதும் மேல ஏறி, கடைசியா குதிக்கப்போறவ பக்கத்துல நின்னுக்குவேன். அவளுக்குப் பயத்துல பல்லு கிடுகிடுன்னு அடிக்கும். அவ கையைப் பிடிச்சுக்குவேன்."

அண்ணன் மடிப்பதை நிறுத்தினார்.

"இதை ஏன் எழுதல?" என்றார் அண்ணி.

"இதுக்கு யார் அண்ணி மெடல் குடுத்தாங்க?"

"குடுக்கல. ஆனா ஜனங்க உன்கிட்ட எதுக்கு வர்றாங்க, போகும்போது எதுக்கு நன்றி சொல்றாங்க? உன் பலம் அங்கதான் இருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது. அதனால மத்தவங்க சொன்னதை யோசி."

டீச்சர் யோசித்தாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அவளுக்குள் மிதந்து வந்தார்கள். மருந்துக்கடைக்காரர். இரட்டைக் குழந்தைகளின் அம்மா. மல்லாந்து படுத்து, காதுவரை தண்ணீர் ஏறி, உலகம் முழுக்க மௌனமாகிவிட்ட முகங்கள்.

"சொல்லாம கையை எடுக்கமாட்டேன்னு சொல்வாங்க" என்றாள். "முதுகுக்குக் கீழ கை வச்சிருப்பேன். நிறைய டீச்சருங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே நைசா எடுத்துடுவாங்க. அன்னிக்கு மிதப்பாங்க. மறுநாள் நம்பமாட்டாங்க. நான் அவங்களா 'எடு'ன்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

அண்ணி மூடி வைத்த பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"இந்த வரியை நான் எழுதியிருக்க முடியாது" என்றார் அண்ணி. "வேற எந்த டீச்சர் பேருக்குக் கீழயும் இதை ஒட்ட முடியாது. அப்படி ஒண்ணு கிடைக்கற வரைக்கும்தான் கேள்வி."

"'இவர்'னு என்னை நானே எழுதக் கூசுது அண்ணி. 'இவள்'னா நல்லா இல்ல."

"மேடையில வேற ஒருத்தர் உன்னைப் பத்திப் படிக்கறதா இருந்தா 'இவர்'. இங்க நீதான் நேரா பேசற. உடம்பை உன் கையில குடுக்கப் போறவன்கிட்ட 'நான்'னு சொல்லு."

மறுநாள் பலகையில் புதிய தாள். ஐந்தே வரி.

"வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்களுக்காக இந்த வகுப்பு. பல வருடங்களாக நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். போட்டிகளில் பதக்கமும் வாங்கியிருக்கிறேன். பயந்தவர்களின் பக்கத்தில் நிற்பதுதான் நான் நன்றாகச் செய்யும் வேலை. நீங்கள் 'எடு' என்று சொன்ன பிறகுதான் என் கையை எடுப்பேன்."

வெள்ளிக்கிழமை மேனேஜர் பெயர்த் தாளை நீட்டினார். ஐந்து பெயர்கள். "பொழைச்சுப் போம்மா" என்றார்.

முதல் வகுப்பில் கடைசியாக இறங்கியவர் ஒரு பஸ் டிரைவர். ஆள் மலை மாதிரி. படிக்கட்டின் கம்பியை விடாமல் கேட்டார்: "வெளிய எழுதியிருக்கே, அது நிஜமாம்மா? இல்ல, சும்மா ஆள் சேக்கறதுக்கா?"

"நிஜம்தாண்ணே."

அவர் கண்ணை இறுக மூடி மல்லாந்தார். அவள் கையை முதுகுக்குக் கீழே கொண்டுபோனாள். கூரை வெளிச்சம் அவர் நெற்றிமேல் நீந்தியது. மற்ற நால்வரும் ஒவ்வொருவராகக் கரையேறிப் போனார்கள். ரேஸ் பையன்கள் தொப்பி மாட்டி வரிசையில் நின்றார்கள். மேனேஜர் வாசலிலிருந்தே கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அவள் உள்ளங்கையில் கனமே இல்லை. அவர் எப்போதோ மிதக்கத் தொடங்கிவிட்டார். அது அவளுக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

"எடுக்கட்டுமாண்ணே?"

"இன்னும் கொஞ்சம்மா."

"சரிண்ணே" என்றாள். மேனேஜருக்கு மறு கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, டீச்சர் அப்படியே நின்றாள்.