அட்டைப்படத்துச் சிலுவை

மலேசியாவின் குளுவாங் நகரத் தேவாலயத்தின் நாட்காட்டி அச்சுக்குப் போகவிருந்தது. அட்டையில் போட அந்தோனிப்பிள்ளை எடுத்த 'தென்சிலுவை' விண்மீன் கூட்டத்தின் படத்தை, வானியல் சங்கத்தில் இருக்கும் வசந்தினியிடம் நாட்காட்டிக் குழுவினர் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அவள் உற்றுப் பார்த்துவிட்டு அந்தோனிப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"அங்கிள், இது தென்சிலுவை இல்ல. பக்கத்துல பளிச்சுன்னு ரெண்டு வழிகாட்டி நட்சத்திரம் இருக்கணும். உள்ளுக்குள்ள அஞ்சாவதா ஒரு சின்னது இருக்கணும். ரெண்டுமே காணோம்."

"அப்ப இது என்னா?"

வசந்தினி தயங்கினாள். "தென்சிலுவை மாதிரியே தெரியும். பொய்ச்சிலுவைன்னு சொல்வாங்க, அங்கிள்."

குழுவினர் நால்வரும் மேசையைப் பார்த்தார்கள்.

"வெட்டாத படம் இருக்கா?" என்று வசந்தினி கேட்டாள்.

அந்தோனிப்பிள்ளை கைப்பேசியில் தேடிக் கொடுத்தார். படத்தின் இடது ஓரத்தில், செம்பனை மரங்களுக்குச் சற்று மேலே, சின்னச் சிலுவை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்கும் கீழே வழிகாட்டிகள் இரண்டும் இருந்தன.

"இதுதான் அங்கிள்!"

"அலமாக்! கோணலா இருக்குன்னு நான்தான் வெட்டிட்டேன்."

கோணல் சிலுவையே அட்டையில் ஏறியது. படம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தோனிப்பிள்ளை வசந்தினியின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். ஜனவரியில் மட்டும் அவளுக்கு ஒன்பது அழைப்புகள் வந்தன.